பழைய 4:3 கல்யாண கேசட்டை அகலத்திரையில் சேர்க்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோ தொகுக்கிறோம். இன்றைய காட்சிகள் எல்லாம் 1920 × 1080. நடுவில் அந்தத் தம்பதியின் பழைய கல்யாணமோ, பிள்ளைகளின் காதுகுத்தோ ஒரு இரண்டு நிமிஷம் வரவேண்டும். அது விஎச்எஸ் கேசட்டிலோ, MiniDV எனப்படும் மினிடிவி டேப்பிலோ இருக்கிறது. கோப்பாக மாற்றி டைம்லைனில் போட்டதும் ஏதோ ஒன்று சரியில்லாமல் தெரியும்: கோடு கோடாக இருக்கும், முகம் பருத்திருக்கும், அசைவு நடுங்கும். என்ன தெரிகிறது என்பதை வைத்து எங்கே தப்பு நடந்தது என்று பிடிக்கும் வழி இது. கட்டளைகளை ffmpeg என்ற மென்பொருளில் தருகிறேன். அது இலவசம், என்ன செய்கிறது என்பதும் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்த பழைய வீடியோ PAL எனப்படும் பால் முறையில் இருக்கும். டிஜிட்டலாக மாற்றினால் 720 × 576, நொடிக்கு 25 ஃப்ரேம். ஆனால் அந்தக் கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை. 50 அரைப் படங்கள் எடுத்தது. ஒவ்வொரு அரைப் படத்துக்கும், அதாவது ஃபீல்டுக்கும், 288 கோடுகள். ஒரு ஃபீல்டு ஒன்றுவிட்ட கோடுகளை நிரப்பும், அடுத்த ஃபீல்டு விட்டுப்போன கோடுகளை நிரப்பும். இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. ஆக ஒரு ஃப்ரேமுக்குள் இரண்டு வெவ்வேறு கணங்கள் கோட்டுக்குக் கோடு பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பின்னலுக்குப் பெயர் இன்டர்லேஸ், அதைப் பிரிப்பது டீஇன்டர்லேஸ்.

கீழே வருகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பின்னலைப் பிரிக்கும்வரை படத்தின் உயரத்தைத் தொடக் கூடாது. முதலில் டீஇன்டர்லேஸ், அப்புறம் கிராப், அதற்கப்புறம்தான் அளவு மாற்றம். அகலத்தை யாராவது இழுத்திருந்தால் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், ஏனென்றால் அகலத்தை இழுப்பதால் ஒரு கோடு இன்னொரு கோட்டோடு கலப்பதில்லை. உயரத்தை இழுத்தால் கோடுகள் கலந்துவிடும்.

அசைகிற இடத்தில் மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடுகள்

அட்சதை போடும் கைகள், மேளக்காரரின் விரல்கள், நடந்து வருகிறவரின் வேட்டி ஓரம் என்று அசைகிற இடங்களில் மட்டும் பல் பல்லாகத் தெரியும். அசையாத பந்தல் கால் சுத்தமாக இருக்கும். இப்படி இருந்தால் நல்ல செய்திதான். இன்டர்லேஸ் அப்படியே கெடாமல் இருக்கிறது, பிரித்தால் போதும்.

கண்ணால் பார்ப்பதோடு ஒரு சோதனையும் செய்யுங்கள். நிறைய அசைவு இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு இதை ஓட்டுங்கள்:

```
ffmpeg -ss 600 -i kalyanam.avi -vf idet -frames:v 1500 -an -f null -
```

பத்தாவது நிமிஷத்திலிருந்து 1500 ஃப்ரேமை இது அலசும். கடைசியில் `Multi frame detection` என்ற வரியில் `TFF`, `BFF`, `Progressive`, `Undetermined` என்று நான்கு எண்ணிக்கைகள் வரும். `BFF` மட்டும் மிக அதிகமாக இருந்தால் கீழ் ஃபீல்டு முதலில் வருகிறது என்று அர்த்தம், `TFF` என்றால் மேல் ஃபீல்டு. மினிடிவி டேப்பிலிருந்து நேராக எடுத்த கோப்பில் இப்படித்தான் இருக்கும், அந்த முறையே அப்படி வகுக்கப்பட்டது. விஎச்எஸ் கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது எந்த ஃபீல்டு முதலில் வரும் என்பது மாற்றும் கருவியைப் பொறுத்தது. டிவிடியிலும் இரண்டு வகையும் வரும். அதனால் இதை ஊகிக்காதீர்கள், சோதித்தே முடிவுசெய்யுங்கள். `Undetermined` அதிகம் என்று வந்தால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். ஆடாமல் அசையாமல் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் குரூப் போட்டோ காட்சியைக் கொடுத்தால் அது அப்படித்தான் சொல்லும்.

பிரிப்பதற்கு `bwdif` வடிகட்டி போதும். இதை `-vf` என்பதற்குப் பின்னால் கொடுக்க வேண்டும், முழுக் கட்டளை பின்னால் வருகிறது:

```
bwdif=mode=send_field:parity=bff:deint=all
```

இதில் `deint=all` என்பதை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாக `interlaced` என்று கொடுத்தால், எந்தெந்த ஃப்ரேமுக்கு இன்டர்லேஸ் என்று கோப்பில் குறி இருக்கிறதோ அதை மட்டும்தான் தொடும். பழைய கோப்புகளில் அந்தக் குறி பல சமயம் தப்பாக இருக்கும். டீஇன்டர்லேஸ் செய்த பிறகும் சில இடங்களில் மட்டும் பல் மிச்சமிருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சில எடிட்டிங் மென்பொருள்கள் டீஇன்டர்லேஸ் என்ற பெயரில் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்ச 288 கோட்டை இரட்டிப்பாக்கும். பல் போய்விடும், ஆனால் பட்டுச் சேலையின் கரை, மாவிலைத் தோரணக் கயிறு போன்ற சாய்ந்த மெல்லிய கோடுகள் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். படம் திடீரென்று சொரசொரப்பாகத் தெரிந்தால் இதுதான் காரணம். மென்பொருளுக்குள் செய்வதை விட்டுவிட்டு வெளியே பிரித்துக் கொண்டுவாருங்கள்.

பல் போய்விட்டது, ஆனால் அசைவு முன்னும் பின்னுமாக நடுங்குகிறது

ஃபீல்டு வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது. கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். சரியாக இருந்தால் தூண் ஒரே திசையில் நகரும். தலைகீழாக இருந்தால் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். `parity=bff` என்பதை `tff` ஆக்குங்கள், அல்லது `tff` என்பதை `bff` ஆக்குங்கள். அவ்வளவுதான்.

`idet` ஒன்று சொல்லி கண் இன்னொன்று சொன்னால் கண்ணை நம்புங்கள். கோப்பு முழுக்க ஒரே வரிசை இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. முகூர்த்தம் ஒரு டேப்பிலும் வரவேற்பு இன்னொரு டேப்பிலும் எடுத்து, அன்றைக்கே யாரோ ஒட்டிச் சேர்த்திருந்தால் பாதியில் வரிசை மாறலாம். அப்படியானால் அந்த இடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

இன்னொரு மறைவான காரணமும் உண்டு. டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன்னாலேயே மேலிருந்து ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகளைக் கிராப் செய்திருந்தால் மேல் ஃபீல்டு கீழ் ஃபீல்டாகிவிடும். வரிசைப்படி செய்தால் இந்தச் சிக்கலே வராது.

அசைவு வெட்டி வெட்டிப் போகிறது

பழைய வீடியோவுக்கென்று ஒரு வழுவழுப்பு உண்டு. நொடிக்கு 50 கணங்களைப் பிடித்ததால் வந்தது அது. பலர் டீஇன்டர்லேஸ் செய்யும்போது ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம் என்று எடுத்து, நொடிக்கு 25 ஆக்கிவிடுகிறார்கள். பாதிக் கணங்கள் அங்கேயே போய்விடும். `yadif` வடிகட்டியில் எதுவும் சொல்லாவிட்டால் நடப்பது இதுதான். `send_field` என்று கொடுத்தால் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழு ஃப்ரேமாகி நொடிக்கு 50 வரும்.

டைம்லைனும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். புதுக் காட்சிகளை 25-இலோ 50-இலோ எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. 50 வைத்தால் பழசு அப்படியே வரும். 25 வைத்தால் ஒன்றுவிட்டு ஒன்று போகும், ஆனால் சீராகப் போகும். டைம்லைன் 24-இலோ 30-இலோ இருந்தால்தான் தொல்லை. 50 அதற்குச் சரியாக வகுபடாது, எனவே சீரற்ற ஒரு தடக்கு வந்துகொண்டே இருக்கும். சினிமா மாதிரி இருக்கும் என்று 24-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள், பழைய கேசட் நடுவில் வருகிறது என்றால் 25-க்கு வந்துவிடுவது நல்லது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

டொரன்டோவிலிருந்து உறவினர் அனுப்பிய டேப் என்றால் கணக்கு வேறு. கனடாவில் என்டிஎஸ்சி முறை. 720 × 480, நொடிக்கு 29.97 ஃப்ரேம், பிரித்தால் 59.94. அதை 25-க்குள் நுழைத்தால் தடக்கு கொஞ்சமாவது தெரியத்தான் செய்யும். நிதானமான காட்சிகளாகத் தேர்ந்தெடுத்துப் போடுவதே உத்தமம்.

பல் தடித்துக் கலங்கலாக இருக்கிறது, எந்த டீஇன்டர்லேஸுக்கும் அசையவில்லை

மோசமானது இதுதான், அடிக்கடி வருவதும் இதுதான். கேசட்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிய பென்டிரைவில் ஒரு எம்பி4 கோப்பு. திறந்து பார்த்தால் 640 × 480. அசைகிற கையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கூரான ஒற்றைக் கோட்டுப் பல் இல்லை. சில கோடுகளில் ஒரே ஒரு கை, அடுத்த கோடுகளில் இரண்டு கை நிழலாகக் கலந்து, மறுபடி ஒரே கை என்று பட்டை பட்டையாக வரும்.

நடந்தது என்னவென்றால், 576 கோட்டைப் பிரிக்காமலேயே 480 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். ஆறு கோடுகள் ஐந்தாகின்றன. ஐந்தில் ஒன்றிரண்டு மட்டும் மூலக் கோட்டின் மேல் ஏறக்குறைய உட்காரும். மிச்சமெல்லாம் பக்கத்துக் கோடுகள் இரண்டின் கலவை, அதாவது இரண்டு கணங்களின் கலவை. அதனால்தான் அந்தப் பட்டை ஐந்து கோட்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. `idet` ஓட்டினால் `TFF`, `BFF`, `Progressive` மூன்றில் எதுவும் தெளிவாக மேலோங்காது. கலந்ததைப் பிரிக்க எந்த வடிகட்டியாலும் முடியாது.

கேசட் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மறுபடி மாற்றக் கொடுங்கள். கொடுக்கும்போது "720 × 576, இன்டர்லேஸ் அப்படியே இருக்கணும், அளவு மாத்தக் கூடாது, டீஇன்டர்லேஸும் பண்ணக் கூடாது" என்று சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். அன்றைக்கு எம்பி4 கூடவே டிவிடியும் போட்டுக் கொடுத்தார்களா என்று பீரோவில் தேடிப் பார்ப்பதும் வீண்போகாது. டிவிடி வீடியோ முறையில் 640 × 480 என்ற அளவே கிடையாது. அந்த வட்டிலுள்ள `.VOB` கோப்புகள் 720 × 576 ஆகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, கையில் இருப்பது இது மட்டும்தான் என்றால் தேறுவது கொஞ்சம்தான். சுருக்காமல் பெரிதாக்கியிருந்தால், உதாரணமாக 576-ஐ 1080 ஆக இழுத்திருந்தால், ஒரு வழி இருக்கிறது. `scale=720:576` என்று திருப்பிச் சுருக்கிவிட்டு டீஇன்டர்லேஸ் செய்து பாருங்கள். மெல்லிய நிழல் மிஞ்சும், ஆனாலும் பார்க்கக்கூடியதாக வரும். 480 ஆகச் சுருக்கியதற்கு இது பலிக்காது. அசைவு குறைந்த ஷாட்களை மட்டும் எடுத்து, சின்ன அளவில் ஒரு சட்டத்துக்குள் வைத்துக் காட்டுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்கள்

கண் மதிப்பீட்டில் இதைச் சரிசெய்யப் போனால் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் மாறும். காட்சியில் வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள். கேமராவுக்கு நேராகத் தெரிகிற சுவர்க் கடிகாரம் ரொம்ப நல்லது. நேராகப் பார்க்கும் மேளத்தின் தோல் முகப்பும் உதவும். ஆரத்தித் தட்டு சாய்ந்திருக்கும், அது ஏமாற்றும். வட்டம் படத்தின் நடுவே இருக்கும் ஷாட்டாக எடுத்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை 100 என்று வைத்தால் அகலம் என்ன வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

130-க்குப் பக்கத்தில் வந்தால், 4:3 படத்தை அகலத்திரை முழுக்க இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். 92 வந்தால், இழுக்கவில்லை, ஆனால் பிக்சலின் வடிவத்தை மதிக்கவில்லை. பால் வீடியோவின் பிக்சல் சதுரம் அல்ல. உயரம் 11 என்றால் அகலம் 12. அதைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் எல்லோரும் லேசாக ஒல்லியாகிவிடுவார்கள். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, "அப்பா அப்போ ஒல்லி" என்று விட்டுவிடுவார்கள். 75 வந்தால் கதை நேர்மாறு: மினிடிவி கேமராவில் அகலத்திரை முறையில் எடுத்ததை 4:3 என்று காட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு 1920 × 1080 முழுக்க நிரப்புவதுதான் சரி.

இப்போது கணக்கு. 720 பிக்சல் அகலத்தில் 4:3 படமாகக் கணக்கில் வருவது நடுவிலுள்ள 704 தான். இரண்டு பக்கமும் எட்டெட்டு பிக்சல் உபரி. விஎச்எஸ் கோப்பில் அங்கே பெரும்பாலும் கறுப்பு ஓரம்தான் இருக்கும். அதை வெட்டினால் 704 × 576. 12-க்கு 11 என்ற விகிதத்தில் சதுரப் பிக்சலாக்கினால் 768 × 576, அதாவது சரியாக 4:3. அதை 1080 உயரத்துக்குக் கொண்டுபோனால் 1440 × 1080. சில மென்பொருள்கள் 720 முழுவதையும் 4:3 ஆகக் கொள்ளும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே தொகுப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே ஷாட்டின் இரண்டு பாதி அடுத்தடுத்து வந்தால் முகம் துள்ளும்.

எல்லாவற்றையும் வரிசைப்படி சேர்த்தால் இப்படி வரும்:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=bff:deint=all,crop=704:576:8:0,scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709,setsar=1" -colorspace bt709 -color_primaries bt709 -color_trc bt709 -c:v libx264 -crf 14 -preset slow -pix_fmt yuv420p -c:a pcm_s16le kalyanam_50p.mov
```

என்டிஎஸ்சி டேப் என்றால் `crop=704:480:8:0` என்று மட்டும் மாற்றுங்கள். முடிவில் அதுவும் 1440 × 1080 தான். `setsar=1` என்பது பிக்சல் இனி சதுரம் என்று கோப்பில் எழுதிவைக்கும். அது இல்லாவிட்டால் எடிட்டிங் மென்பொருள் பழைய குறியைப் பார்த்து இன்னொரு தரம் இழுக்கக்கூடும். டைம்லைனில் போட்ட பிறகு கடிகாரத்தை மறுபடி அளந்து பாருங்கள். 100-க்கு 100 வரவேண்டும், ஓரிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

கூறைப்புடவையின் சிவப்பு மாறிவிட்டது

வடிவம் சரி, அசைவும் சரி, ஆனால் நிறம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது. பழைய வீடியோவிலும் எச்டி வீடியோவிலும் நிறத்தை எண்ணாக்கும் சூத்திரம் வேறு வேறு. அளவை மட்டும் பெரிதாக்கி நிறத்தை மாற்றாமல் விட்டால், பிளேயர் படத்தின் அளவைப் பார்த்து எச்டி சூத்திரத்தில் படிக்கும். சிவப்பும் பச்சையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேலே உள்ள கட்டளையில் `bt601`, `bt709` என்று வருவது இதற்காகத்தான். மூலக் கோப்பையும் புதுக் கோப்பையும் ஒரே பிளேயரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புடவையையும் வாழை இலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படம் நான்கு பக்கமும் கறுப்புக்குள் சின்னதாக இருக்கிறது

அன்றைக்கே சினிமா மாதிரி வேண்டும் என்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்திருப்பார்கள். அதை 4:3 ஆகவே அகலத்திரையில் வைத்தால் இடவலமும் கறுப்பு வரும். உள்ளே இருக்கும் படம் 16:9 என்றால் 576 கோட்டில் 432 தான் படம், மேலும் கீழும் 72 கறுப்பு. கட்டளையில் `crop=704:432:8:72` என்றும் `scale=1920:1080` என்றும் மாற்றினால் திரை நிறையும். பட்டையின் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கல்யாண வீடியோவில் அது மாறும்.

சரியாக வந்தது, ஆனால் இரண்டு பக்கமும் காலி

1920-இல் 1440 போக, பக்கத்துக்கு 240 பிக்சல் காலி. கறுப்பாக விடுவது நேர்மையான வழி, பழைய காலம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்புவது பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் ஒரு குறை: பின்னால் அசைகிற மங்கல் கண்ணை இழுக்கும், முன்னால் இருக்கிற முகம்தான் அடிபடும். அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்றால் மங்கலை நன்றாக இருட்டாக்கி, அசையாத ஒற்றை ஃப்ரேமாக வையுங்கள்.

திரை முழுக்க நிரப்ப வேண்டுமானால் உயரத்தில் கால் பங்கை வெட்டவேண்டி வரும். பழைய கேமராக்காரர்கள் 4:3 சட்டத்தை நிறைத்துத்தான் எடுத்தார்கள். மேலே வெட்டினால் மணமகனின் தலைப்பாகை போகும், கீழே வெட்டினால் தாலி கட்டும் கை போகும். நடுவழி ஒன்று இருக்கிறது: 14:9. பிரிட்டனில் தொலைக்காட்சி அகலத்திரைக்கு மாறிய காலத்தில் பிபிசி கையாண்ட சமரசம் இது. உயரத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டும் போகும், பக்கத்துக்கு 120 பிக்சல்தான் காலி இருக்கும். கட்டளையில் `scale=1440:1080` என்பதை `scale=1680:1260` ஆக்கி, `setsar=1` என்பதற்கு முன்னால் `crop=1680:1080:0:40` என்று சேருங்கள். போகவேண்டிய 180 கோட்டில் 40 மேலிருந்தும் 140 கீழிருந்தும் போகும். 40 என்பது தொடக்கம்தான். தலை எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து ஷாட்டுக்கு ஷாட் மாற்றிக்கொள்ளலாம்.

விஎச்எஸ் கேசட்டுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்து பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். கேசட் பிளேயரின் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய டிவியில் அது சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, இப்போது பளிச்சென்று தெரிகிறது. 14:9-க்கு வெட்டும்போது அது தானாகப் போய்விடும். 4:3 ஆகவே வைக்கிறீர்கள் என்றால் அந்தக் கோடுகளை வெட்டிவிட்டு மிச்சத்தை 1080-க்கு இழுக்காதீர்கள், வட்டம் மறுபடி கெட்டுவிடும். டைம்லைனில் அதன் மேல் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையை வைத்து மறைத்தால் போதும்.